மாறுதல் விண்ணப்பம்: கெஞ்சல் இல்லாமல் காரணத்தை மட்டும் சொல்லி எழுத வேண்டும் (வரைவு உள்ளே)

மலைமேல்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். தாளவாடி மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். சொந்த ஊர் கோபிக்குப் பக்கம். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஈரோட்டில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. இந்த வருடக் கலந்தாய்வில் கோபி, நம்பியூர் பக்கம் கணிதத்துக்கு ஓர் இடம்கூடக் காட்டவில்லை. அதனால் இயக்குநருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் அன்போடு எழுதிக் கொடுத்த வரைவு இது:

"தங்கள் பொற்பாதம் பணிந்து எழுதும் விண்ணப்பம். ஏழை ஆசிரியையாகிய நான் பல ஆண்டுகளாக மலைப்பகுதியில் சொல்லொணாத் துயரங்களுக்கிடையே பணியாற்றி வருகிறேன். என் தந்தையார் கொடிய நோயால் உயிருக்குப் போராடி வருகிறார். அவரைக் கவனிக்க நாதியில்லை. தாங்கள் கருணை கூர்ந்து என் சொந்த ஊருக்கு அருகில் ஏதாவது ஒரு பள்ளிக்கு மாறுதல் வழங்கி என் குடும்பத்தில் விளக்கேற்றுமாறு இருகரம் கூப்பி, கண்ணீர் மல்க வேண்டுகிறேன்."

இதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக வெறும் இரண்டு வரியில் எழுதினால் திமிராகத் தெரியுமோ என்றும் பயம். மரியாதையாகவும் இருக்க வேண்டும், காரணமும் தெளிவாகத் தெரிய வேண்டும். எப்படி மாற்றலாம்?

---

வைகைக்கரை

டீச்சர், கடிதத்தை யார் படிக்கிறார்கள்? முதலமைச்சர் தனிப்பிரிவில் ஒரு மனு போடுங்கள், எம்எல்ஏவிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி இணையுங்கள். அப்புறம் கணவன் மனைவி முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் கோபியில் வேலை பார்த்தால் அதைக் கேளுங்கள். வேலை முடிந்தது.

---

மலைமேல்கணக்கு

அவர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார் ஐயா. அதற்கு முன்னுரிமை கிடைக்குமா?

---

பழையகோப்பு

கிடைக்காதம்மா. அந்த முன்னுரிமை, துணைவர் அரசிலோ அரசு நிதியுதவி பெறும் நிறுவனத்திலோ பொதுத்துறையிலோ இருந்தால்தான். அதற்கு அவருடைய அலுவலகத் தலைவரிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். பட்டறைக்கு யார் சான்று தருவது?

எம்எல்ஏ கடிதத்தை இணைப்பது இன்னும் தவறு. 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளில், பணி சம்பந்தமான விஷயத்துக்கு வெளியாள் செல்வாக்கைக் கொண்டுவரக் கூடாது என்று இருக்கிறது. எல்லோரும் செய்கிறார்களே என்பார்கள். செய்கிறார்கள்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தில் இணைப்பு எண் 4 என்று அதையே குறிப்பிட்டு வைத்தால், நாளைக்கு உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

நான் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாறுதல் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. அதனால் கடிதம் அங்கே என்ன ஆகிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது தெரிந்தால் எப்படி எழுதுவது என்பது தானாகப் புரியும்.

உங்கள் கடிதத்தை முதலில் படிப்பவர் இயக்குநர் அல்ல. பிரிவு உதவியாளர். அவர் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, தேவையான வரிகளுக்கு அடியில் கோடு போடுவார். பிறகு அலுவலகக் குறிப்பில் அரைப்பக்கம் எழுதுவார்: இன்னார், இன்ன பாடம், இந்தப் பள்ளியில் இந்தத் தேதி முதல், கேட்கும் இடம் இது, காரணம் இது, ஆதாரம் இன்னது. அந்த அரைப்பக்கம்தான் மேலே போகிறது. உங்கள் மூத்த ஆசிரியர் எழுதிய வரைவில் பென்சில் கோடு போட ஒரு வரிகூட இல்லை. "பல ஆண்டுகள்" என்பதைக் குறிப்பில் எழுத முடியாது. "கொடிய நோய்" என்பதையும் எழுத முடியாது. "ஏதாவது ஒரு பள்ளி" என்பதை வைத்து எந்தக் காலியிடத்தைப் பார்ப்பது? கண்ணீர் மல்க என்று எழுதியதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய தேதியும் ஊரும் வராமல் போய்விடுகிறது. கெடுதல் அங்கேதான்.

குறிப்பு மேலே போனதும் அதிகாரி மூன்று விஷயம் கேட்பார். கேட்கும் இடம் காலியா? இவர் வந்துவிட்டால் அங்கே பாடம் எடுப்பது யார்? இந்தக் காரணம் மாறுதலால்தான் தீருமா? இந்த மூன்றுக்கும் கடிதத்துக்குள்ளேயே பதில் இருந்தால் அது மரியாதையான கடிதம்தான். அவருடைய நேரத்தை மதித்து எழுதியது என்று தெரியும்.

---

இடைநிலை_தஞ்சை

எனக்கும் இதே பிரச்சினை. நான் இடைநிலை ஆசிரியர், வேறு மாவட்டம் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். 243 அரசாணை வந்தபிறகு மாநில முன்னுரிமை என்கிறார்கள், மாவட்டம் மாறினால் என் முன்னுரிமை என்ன ஆகும்? யாராவது விளக்குங்களேன்.

---

பழையகோப்பு

தம்பி, 2023 டிசம்பரில் வந்த அந்த ஆணை தொடக்கக் கல்வித் துறைக்கானது. டீச்சர் பள்ளிக் கல்வித் துறையில் இருக்கிறார், அதுவும் கேட்பது அதே மாவட்டத்துக்குள். உங்களுக்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் இரண்டு பேருக்கும் குழப்பம்.

டீச்சர், சில கேள்விகள். அப்பாவுக்கு டயாலிசிஸ் எந்தெந்தக் கிழமை? நீங்கள் மலையிலேயே தங்குகிறீர்களா? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கோபி பக்கம் எந்த இடமாவது காலியாகப் போகிறது என்று தெரியுமா?

---

மலைமேல்கணக்கு

செவ்வாயும் வெள்ளியும் ஐயா. நான் வார நாள்களில் தாளவாடியில் வாடகை வீட்டில் இருக்கிறேன், சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். வீட்டில் அம்மா இருக்கிறார், 66 வயது. தங்கை ஓசூரில் இருக்கிறாள். கணவருக்குப் பட்டறை ஈரோட்டில், மாதத்தில் பாதி இரவு வேலை.

கோபி ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் வரும் ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தைத்தான் கேட்கலாம் என்று நினைத்தேன்.

---

பழையகோப்பு

இரண்டு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள்.

முதலாவது, அவர் ஜனவரியில் ஓய்வு பெற்றாலும் இடம் ஜனவரியில் காலியாகாது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு. அவர் அதை ஏற்றுக்கொண்டால் அந்த இடம் அடுத்த ஜூனில்தான் திறக்கும். "ஜனவரியில் காலியாகிறது" என்று எழுதினால் உதவியாளர் முதல் வரியிலேயே "மறுநியமனத்தில் நிரம்பியுள்ளது" என்று எழுதி மூடிவிடுவார்.

இரண்டாவது, செவ்வாய், வெள்ளி இரண்டும் பள்ளி நாள். கோபிக்கு வந்தாலும் அந்தப் பகலில் நீங்கள் வகுப்பில்தானே இருப்பீர்கள்? அதிகாரி இதைக் கட்டாயம் கேட்பார். உங்கள் பதில் என்ன?

---

மலைமேல்கணக்கு

பகலில் அம்மாவே வாடகை வண்டி பிடித்து அழைத்துப் போய் வந்துவிடுகிறார். பிரச்சினை இரவில்தான். டயாலிசிஸ் முடிந்து வந்த இரவு அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஆகஸ்டில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை நள்ளிரவில் அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. இரண்டு முறையும் பக்கத்து வீட்டுக்காரர்தான் உதவினார். எனக்குத் தகவல் வந்தும் இறங்கி வர முடியவில்லை. கடைசிப் பேருந்து போய்விட்டால் அவ்வளவுதான். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு வேறு.

---

பழையகோப்பு

இதுதானம்மா உங்கள் காரணம். அப்பாவுக்கு நோய் என்பது மட்டும் காரணம் இல்லை. வாரத்தில் இரண்டு இரவு வீட்டில் ஒரு பெரியவர் தேவைப்படுகிறார், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இரவில் இறங்க வழியில்லை, மாறுதல் கிடைத்தால் அது தீர்ந்துவிடும். இப்படி எழுதினால் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மூத்தவர் வரைவில் "நாதியில்லை" என்று இருக்கிறதே, அது உண்மையும் இல்லை. அம்மா இருக்கிறார், கணவர் இருக்கிறார். யாராவது விசாரித்தால் கடிதம் முழுக்கப் பொய் என்று ஆகிவிடும். இருப்பவர்களைச் சொல்லி, அவர்களால் எது முடியாது என்று எழுதுங்கள்.

---

தேன்தமிழ்_ஆசிரியை

மொழி பற்றி ஒன்று சொல்லட்டுமா? மரியாதைக்குத் தமிழில் "தங்கள்" என்ற ஒரு சொல்லும், "கேட்டுக்கொள்கிறேன்" என்ற வினைமுடிவும் போதும். "பொற்பாதம்", "இருகரம் கூப்பி" எல்லாம் மன்னருக்கு எழுதிய காலத்து மிச்சம். அதேபோல் "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பது வழக்கமான முடிவு, அதில் தவறில்லை. நான் "தாழ்மையுடன்" என்பதை எடுத்துவிட்டு "பணிவுடன்" என்று போடுவேன். அதுவும் ஒரே ஒரு முறை.

"ஏழை ஆசிரியை" என்பதை முதலில் அடியுங்கள். சம்பளப் பட்டியல் அவர்களிடமே இருக்கிறது.

---

மலைப்பள்ளி_பெற்றோர்

நான் தாளவாடிக்காரன். டீச்சர் யாரென்று தெரியாது, அவர் அப்பா நலமடைய வேண்டும் என்றுதான் மனதார நினைக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே வருகிற ஒவ்வோர் ஆசிரியருக்கும் கீழே இறங்க ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வர மட்டும் யாருக்கும் காரணம் இருப்பதில்லை. என் மகள் எட்டாம் வகுப்பில் பாதி வருடம் கணக்கு ஆசிரியர் இல்லாமல்தான் படித்தாள். வீட்டில் கன்னடம் பேசிவிட்டு பள்ளியில் தமிழில் கணக்குப் படிக்கிற பிள்ளைகள். புதிதாக வருபவருக்கு அவர்களோடு பழகவே ஒரு வருடம் ஆகிறது. இதற்கு விண்ணப்பத்தில் என்ன எழுதுவீர்கள்?

---

மலைமேல்கணக்கு

நீங்கள் கேட்பது நியாயம் ஐயா. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வுக்கு முன்னால் விட்டுவிட்டு இறங்குவதாக இல்லை. இடம் ஜூனில்தான் திறக்கும் என்று இப்போது தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட. அதற்குப் பிறகு யார் வருவார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

பழையகோப்பு ஐயா, அதுவரைக்கும் கோபியில் மாற்றுப்பணி கேட்டு அதே கடிதத்தில் ஒரு பத்தி சேர்க்கலாமா?

---

பழையகோப்பு

வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. மாற்றுப்பணியும் மாறுதலும் ஒரே தாளில் இருந்தால், சுலபமானதைச் செய்துவிட்டு "கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது" என்று கோப்பை முடித்துவிடுவார்கள். அதுவும் மாற்றுப்பணி என்றால் உங்கள் சம்பளம் மலைப் பள்ளியிலேயே இருக்கும். இடம் நிரம்பியதாகவே கணக்கு காட்டும், வேறு ஆளும் வர மாட்டார். அந்தப் பெற்றோர் சொல்கிற கஷ்டம் அப்படித்தான் உண்டாகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதத்தால் மாறுதல் வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கலந்தாய்வு என்பது முன்னுரிமை வரிசையில் நடக்கிறது. பெற்றோரின் நோய் முன்னுரிமைப் பட்டியலில் வருவதில்லை. "அடுத்த கலந்தாய்வில் கலந்துகொள்ளவும்" என்று ஒரு வரிப் பதில் வரலாம். அப்படி வந்தாலும் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை "பார்வை" என்ற இடத்தில் அதன் எண்ணைக் குறிப்பிட்டால், உங்கள் கோரிக்கை புதிதாக முளைத்தது அல்ல என்று தெரியும்.

---

தேன்தமிழ்_ஆசிரியை

நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்து ஒன்று எழுதிப் பார்த்தேன். புள்ளி வைத்த இடங்களை டீச்சர் நிரப்பிக்கொள்ளுங்கள். தேதிகளை உங்கள் ஆவணத்தைப் பார்த்துத் திருத்துங்கள்.

அனுப்புநர்
………, பட்டதாரி ஆசிரியர் (கணிதம்),
அரசு உயர்நிலைப் பள்ளி, ………, தாளவாடி ஒன்றியம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
பள்ளிக் கல்வி இயக்குநர், சென்னை – 600 006.

வழி: 1. தலைமையாசிரியர் 2. மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை) 3. முதன்மைக் கல்வி அலுவலர், ஈரோடு

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: ஈரோடு மாவட்டத்திற்குள் மாறுதல் – தந்தையின் தொடர் சிகிச்சை – கோபிசெட்டிபாளையம் ஒன்றியம், ……… பள்ளி, கணிதப் பணியிடம் – கோருதல் – சார்பு.

நான் மேற்கண்ட பள்ளியில் 18.06.2019 முதல் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிந்து வருகிறேன். இக்கல்வியாண்டின் பொது மாறுதல் கலந்தாய்வில் பங்கேற்றேன். கோபிசெட்டிபாளையம், நம்பியூர் ஒன்றியங்களில் கணிதப் பணியிடம் காலியாக இல்லாததால் மாறுதல் பெற இயலவில்லை.

என் தந்தை (வயது 71) 11.03.2025 முதல் ஈரோடு அரசு தலைமை மருத்துவமனையில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் டயாலிசிஸ் சிகிச்சை பெற்று வருகிறார். சிகிச்சை முடிந்த இரவுகளில் இரத்த அழுத்தம் குறைந்ததால் 12.08.2025, 30.09.2025 ஆகிய நாள்களில் அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். பகலில் அவரை மருத்துவமனைக்கு என் தாய் (வயது 66) அழைத்துச் செல்கிறார். என் கணவருக்கு இரவுப் பணி இருப்பதால், இரவு நேர அவசரத்திற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை. என் பள்ளி வீட்டிலிருந்து சுமார் 85 கி.மீ. தொலைவில் மலைமீது உள்ளது. மாலைக்குப் பின் பேருந்து வசதி இல்லாததாலும், திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு உள்ளதாலும் அவசரத்திற்கு வீடு சேர இயலவில்லை.

கோபிசெட்டிபாளையம் ஒன்றியம் ……… பள்ளியின் கணித ஆசிரியர் 31.01.2026 அன்று வயது முதிர்வில் ஓய்வு பெறுகிறார். மறுநியமனக் காலம் முடிந்து அப்பணியிடம் காலியாகும்போது, விதிகளுக்கு உட்பட்டு எனக்கு அங்கு மாறுதல் வழங்குவதைப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தற்போது நான் கற்பிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர்களின் பொதுத்தேர்வு முடியும்வரை இப்பள்ளியிலேயே பணியாற்றுவேன். மாறுதல் என் சொந்த விருப்பத்தின் பேரில் என்பதால் பயணப்படி கோர மாட்டேன்.

இணைப்பு: 1. டயாலிசிஸ் அட்டவணை, மருத்துவர் கையொப்பத்துடன் 2. அவசர சிகிச்சைப் பதிவுகள் (2) 3. தந்தையின் பெயருள்ள குடும்ப அட்டை நகல்

தங்கள் உண்மையுள்ள,
………

---

பழையகோப்பு

நன்றாக இருக்கிறது. இரண்டு திருத்தம். ஓய்வு பெறும் ஆசிரியரின் பெயரை எங்கும் எழுத வேண்டாம், பள்ளியும் பாடமும் போதும். அவர் மனம் வருந்த இடம் கொடுக்கக் கூடாது. அப்புறம் இணைப்புகளில் சுய சான்றொப்பம் போடுங்கள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை என்று ஒரு கட்டுத் தாளைச் சேர்க்காதீர்கள். அட்டவணையும் அவசரப் பதிவும் போதும், மற்றதைக் கேட்டால் கொடுக்கலாம்.

தலைமையாசிரியரிடம் கொடுக்கும்போது இன்னொரு நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். மேலே போகும் கடிதம் பெரும்பாலும் மேசைக்கும் மேசைக்கும் நடுவில்தான் நின்றுபோகிறது. எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்க அந்தத் தேதி வேண்டும். தலைமையாசிரியர் பரிந்துரையில் "பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது" என்று மட்டும் எழுதாமல், மாற்று ஆசிரியர் தேவை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெற்றோர் கேட்ட கேள்வியை மேலே எழுப்ப வேண்டியவர் அவர்தான்.

---

வைகைக்கரை

எல்லாம் சரி, இயக்குநருக்கு நேராக ஒரு முன்பிரதி அனுப்பிவிடுங்கள். வழியாகப் போவது எப்போது போய்ச் சேருமோ. எங்கள் பள்ளியில் ஒருவருக்கு முன்பிரதியால்தான் வேலை நடந்தது.

---

பழையகோப்பு

இதில் நான் உடன்பட மாட்டேன். உரிய வழியில் போகும் கடிதத்துக்கு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் நினைவூட்டல் அனுப்பலாம். முதல் நாளே முன்பிரதி போட்டால் தலைமையாசிரியரையும் மாவட்ட அலுவலகத்தையும் நம்பவில்லை என்று ஆகும். அவர்கள் குறிப்பு இல்லாமல் இயக்ககமும் ஒன்றும் செய்யாது, திரும்ப ஈரோட்டுக்கே அறிக்கை கேட்டு அனுப்பும்.

---

வைகைக்கரை

அறிக்கை கேட்டு அனுப்பினால் அதுவே நல்லதுதானே ஐயா? கீழே கிடக்கிற கடிதம் நகர்ந்துவிடுமே. நான் மாற்றிக்கொள்ள மாட்டேன், அனுப்புங்கள் டீச்சர்.

---

மலைப்பள்ளி_பெற்றோர்

பொதுத்தேர்வு வரை இருப்பேன் என்று எழுதியதைப் பார்த்தேன் டீச்சர். நன்றி. ஜூன் பற்றி என் கவலை அப்படியேதான் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஜூனில் கணித இடத்தைக் காலியாக விடக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லப் போகிறேன். அது உங்களுக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம்.

---

மலைமேல்கணக்கு

நினைக்க மாட்டேன் ஐயா, போடுங்கள். அந்தத் தீர்மானத்தில் தமிழும் கன்னடமும் தெரிந்தவர் வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆசிரியை அவர்களே, கடிதத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வயதும் தேதியும் சரிபார்த்துவிட்டேன், ஒரு இடத்தில் மட்டும் அம்மாவின் வயதை 67 என்று மாற்ற வேண்டும், போன மாதம்தான் முடிந்தது. முன்பிரதி இப்போதைக்கு அனுப்பவில்லை. பொங்கல் வரை பார்க்கிறேன். திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்கிறேன்.